டிராக்டர் பெட்டி ஒட்டும்போது வரும் துளை, அண்டர்கட், கோணல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலிகாமத்தில் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே வெல்டிங் கடை வைத்திருக்கிறேன். கேற், கிறில் எல்லாம் வரும். ஆனால் அதிகம் கேள்வி வருவது டிராக்டர் பெட்டி வேலையில்தான். பெட்டி என்றால் பின்னால் இழுக்கும் டிரெயிலர். சனலில் சட்டம், மேலே மூன்று மில்லிமீற்றர் தகடு, முன்னால் டிராக்டரில் கொளுவுகிற வளையம். மெல்லிய தகடு, நடுத்தரச் சனல், தடித்த வளையம் மூன்றும் ஒரே வேலையில் வருவதால் வெல்டிங்கில் பிழைக்கக்கூடிய எல்லாமே இதில் பிழைக்கும். கடையில் நிற்கும் பொடியன்களும், வேறு கடைக்காரரும், பெட்டி வைத்திருப்பவர்களும் கேட்டவற்றை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அண்ணை, சிலாக்கைத் தட்டிப் பார்த்தால் ஒட்டு முழுக்க ஊசித்துளை. ரொட் புதுசு, கரண்டும் சரி. பிறகு ஏன்?

துளை என்பது வெளியே வர நேரமில்லாமல் போன வாயு. உருகிய இரும்பு வாயுவை நிறையக் கரைத்து வைத்திருக்கும். இறுகும்போது அவ்வளவையும் வைத்திருக்க முடியாமல் கக்கும். மேற்பரப்பு முதலில் இறுகிவிட்டால் வாயு உள்ளேயே குமிழாக நின்றுவிடும். ஆகவே ரொட்டைத் திட்டுவதற்கு முன்னால் அந்த வாயு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் இரும்பின் மேலேயே இருக்கும். கறள் வெறும் இரும்புத்தூள் இல்லை, தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு சேர்மானம். ஊர்காவற்றுறை, வேலணைப் பக்கமிருந்து வரும் பழைய பெட்டிகளில் உப்பும் சேர்ந்திருக்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதற்கு மேல் பெயின்ற், கிறீஸ், டீசல். ஆர்க் பட்டதும் இவை எல்லாம் ஹைட்ரஜனாகவும் கார்பன் மொனொக்சைட்டாகவும் மாறி உருகிய குழம்புக்குள் இறங்கிவிடும். ஒட்டும் இடத்திலிருந்து இரண்டு பக்கமும் ஒரு அங்குலமாவது கிறைண்டரால் வெள்ளை இரும்பு தெரியும்வரை உரசுங்கள். வயர் பிரஷ் மேல் தூளைத் தட்டும், கறளை எடுக்காது.

துளை எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே காரணம் பாதி தெரிந்துவிடும். வரி முழுக்கப் பரவலாக இருந்தால் அழுக்கு அல்லது ஈர ரொட். ஒவ்வொரு ரொட்டும் தொடங்கிய இடத்தில் மட்டும் இரண்டு மூன்று துளை கூடி நின்றால் அது 7018 ரொட்டின் குணம். ரொட் நுனியில் காப்பு வாயு உருவாகுமுன் காற்று உள்ளே போய்விடுகிறது. அதற்கு, தொடங்க வேண்டிய இடத்துக்கு அரை அங்குலம் முன்னால் ஆர்க்கைப் பிடித்து, பின்னால் வந்து, பிறகு அதன் மேலாலேயே ஓட்டிப் போங்கள். முதலில் விழுந்த துளை திரும்ப உருகி வாயு வெளியேறிவிடும். புழு ஊர்ந்த மாதிரி நீளமான துளைகள் என்றால் நாகம் பூசிய பைப்பா என்று பாருங்கள். நாகம் 907 பாகையிலேயே கொதித்துவிடும், இரும்பு உருக ஏறத்தாழ 1500 பாகை வேண்டும். இரும்பு உருகும்போது நாகம் ஆவியாகிப் பீறிடாமல் என்ன செய்யும்? அந்த வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் இரவுக்குக் குளிர் காய்ச்சல் வரும். பூச்சை உரசி எடுத்துவிட்டு ஒட்டுங்கள்.

ரொட்டை வெயிலில் காயப்போட்டால் போதாதா?

6013 ரொட்டுக்கு ஓரளவு போதும். 7018 ரொட்டுக்குப் போதவே போதாது.

இரண்டுக்கும் மேற்பூச்சு வேறு. 6013 இன் பூச்சில் கொஞ்சம் ஈரம் இருக்க வேண்டும், அதுதான் அதன் இயல்பு. நனைந்துவிட்டால் 100 பாகை அளவில் ஒரு மணித்தியாலம் வைத்தால் சரி. அதை 300 பாகையில் வறுத்தால் ரொட் கெட்டுப்போகும். 7018 தலைகீழ். ஹைட்ரஜன் குறைவாக இறக்குவதற்கென்றே செய்த ரொட் அது. பக்கெற் உடைத்து நாலு மணித்தியாலம் வெளியில் கிடந்தாலே அந்தக் குணம் போகத் தொடங்கிவிடும். மாரி காலத்தில் இன்னும் வேகமாகப் போகும். பூச்சுக்குள் போன ஈரத்தை எடுக்க 350 பாகை அளவில் ஒன்று முதல் இரண்டு மணித்தியாலம் வறுக்க வேண்டும். சரியான அளவு பக்கெற்றிலேயே அச்சடித்திருக்கும். வெயிலில் கிடந்த ரொட் எவ்வளவு சுட்டாலும் 60 பாகையைத் தாண்டாது.

பாண் போறணையில் வைக்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். போறணையின் சூடு காணாது. அதைவிட, நாளைக்கு அதே தட்டில் பாண் வேகும், அந்தப் பூச்சுத் தூள் சாப்பாட்டோடு சேரக்கூடாது. வறுக்க வசதி இல்லாத கடைக்கு நான் சொல்வது: சின்னப் பக்கெற் வாங்குங்கள், வளைய வேலை இருக்கும் நாளில் மட்டும் உடையுங்கள், மிச்சத்தை அடுத்த நாள் மெல்லிய சாதாரண இரும்புக்குப் பாவித்து முடியுங்கள்.

காஸ் மெசினில் ஒட்டும்போது மத்தியானத்துக்குப் பிறகு மட்டும் துளை விழுகிறதே?

சோளகம். ஒட்டும் இடத்தில் காற்று மணிக்கு எட்டுக் கிலோமீற்றரைத் தாண்டினாலே காப்பு வாயுவைக் கலைத்துவிடும். அது பெரிய காற்றே இல்லை, வாழையிலை ஆடினாலே அவ்வளவு வரும். காஸைக் கூட்டித் திறப்பதால் சரிவராது. நிமிடத்துக்கு 12 முதல் 18 லீற்றர் போதும், அதற்கு மேலே போனால் வாயு சுழன்று தானே காற்றை இழுத்துக்கொண்டு வரும். ஒரு படங்கைக் கட்டுங்கள். வெளியில் நின்று ஒட்ட வேண்டிய வேலை என்றால் ரொட்டால் ஒட்டுங்கள்.

ஒட்டின் ஓரத்தில் நகத்தால் கீறினமாதிரி ஒரு காடி. பலத்துக்கு இது பிரச்சினையா, அல்லது பார்வைக்குத்தான் கூடாதா?

கேற்றில் என்றால் பார்வைக்குத்தான். பெட்டி வளையத்தில் என்றால் அது முறிவுக்கு வைத்த அடையாளக் கோடு.

அந்தக் காடிதான் அண்டர்கட். ஆர்க் பக்கத்து இரும்பை உருக்கி எடுத்துவிடுகிறது, ஆனால் ரொட்டிலிருந்து வந்த உலோகம் அந்தப் பள்ளத்தை நிரப்பவில்லை. கரண்ட் கூடியது, ஆர்க் நீண்டது, கை வேகமாக ஓடியது, ரொட் ஒரு பக்கம் சாய்ந்தது, இந்த நாலில் ஒன்று இருக்கும். 10ஆம் கேஜ் ரொட்டுக்கு, அதாவது 3.2 மில்லிமீற்றர் 6013க்கு, 90 முதல் 130 ஆம்ப் வரை போகலாம். 130இல் வைத்து நிமிர்ந்த ஒட்டு ஒட்டினால் இரண்டு ஓரமும் காடி விழுவது நிச்சயம். நிமிர்ந்த ஒட்டில் கையை ஆட்டும்போது ஓரங்களில் ஒரு கணம் நிற்க வேண்டும், நடுவை விரைவாகக் கடக்க வேண்டும். புதுசாகப் பழகும் பொடியன்கள் சரியாக இதை மாற்றிச் செய்வார்கள்: நடுவில் நின்று ஓரத்தில் ஓடுவார்கள், நடு பிதுங்கி ஓரம் குழியும்.

என் கடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன் ஒரு பெட்டியின் முன்நீட்டில் புது வளையம் ஒட்டிக்கொடுத்தேன். வளையத்தை ஒரு பழைய அச்சுத் துண்டில் செய்திருந்தேன், 25 மில்லிமீற்றர் தடிப்பு. குளிர்ந்த இரும்பில், நனைந்ததோ காய்ந்ததோ என்று பார்க்காமல் எடுத்த 6013ஆல் சுற்றி ஒட்டினேன். வடிவான ஒட்டு. மேல் ஓரத்தில் மட்டும் ஒன்றரை அங்குல நீளத்துக்கு மெல்லிய காடி. பெயின்ற் அடித்ததும் மறைந்துவிட்டது. இரண்டு மாதத்தில் மணல் ஏற்றி வரும்போது வளையம் கழன்று பெட்டி தெருவில் குத்தி நின்றது. நல்லவேளை பின்னால் ஆள் இல்லை.

முறிந்த முகத்தை இன்னும் வைத்திருக்கிறேன், கடைக்கு வரும் பொடியன்களுக்குக் காட்ட. காடி இருந்த இடத்திலிருந்து பிறைநிலா வடிவில் கறள் பிடித்த ஒரு பகுதி உள்ளே போயிருக்கிறது. அதற்குள் கடற்கரை மணலில் அலை விட்டுப்போன மாதிரி வளைந்த வரிகள். அது கொஞ்சம் கொஞ்சமாக நடந்த வெடிப்பு, ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு துளி. மிச்சப் பகுதி சீனி உடைத்தமாதிரி மினுங்கும். அது கடைசி நாளில் ஒரேயடியாகப் போனது. எந்த முறிவையும் இப்படிப் பாருங்கள்: கறள் எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் பிழையும் தொடங்கியது.

அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் டி1.1 விதியிலும் இதே வித்தியாசம் இருக்கிறது. அசையாத கட்டுமானத்தில் பொதுவாக ஒரு மில்லிமீற்றர் வரை அண்டர்கட்டை விடலாம். திரும்பத் திரும்பச் சுமை வரும் முக்கிய பாகத்தில், இழுவிசைக்குக் குறுக்கே ஓடும் ஒட்டு என்றால் 0.25 மில்லிமீற்றர்தான் எல்லை. பெட்டி வளையம் இரண்டாவது வகை. நகம் மாட்டினால் திருத்துங்கள்.

அந்தக் காடிக்கு மேலே மெல்லிய ரொட்டால் ஒரு வரி ஓட்டி நிரப்பிவிட்டால் சரிதானே?

மெல்லிய சனலில் சரி. தடித்த வளையத்தில் இது நோயைவிடக் கொடிய மருந்து.

12ஆம் கேஜ் ரொட்டால் ஓட்டும் ஒரு சின்ன வரியில் சூடு மிகக் குறைவு. கீழே 25 மில்லிமீற்றர் குளிர்ந்த இரும்பு. அந்த இரும்பு ஒரு வாளித் தண்ணீர் மாதிரி சூட்டை உறிஞ்சிவிடும். கொல்லன் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்த மாதிரி, வரிக்குப் பக்கத்து இரும்பு கடினமாகி நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். காடி போய்விட்டது என்று நினைப்பீர்கள், வெடிப்பு வந்திருக்கும்.

காடி அரை மில்லிமீற்றருக்குள் என்றால் நிரப்பவே வேண்டாம். கிறைண்டரால் மெதுவாக உரசி, கூரான அடியை வழவழப்பான சரிவாக்குங்கள். கீறல் விசையின் போக்குக்குக் குறுக்கே போகாமல் அதன் வழியே ஓடட்டும். அதைவிட ஆழம் என்றால், முழு வளையத்தையும் முதலில் சூடாக்கி, பிறகு நிரப்புங்கள். சூடாக்காமல் தடித்த இரும்பைத் தொட வேண்டாம் என்பதுதான் என் கடையில் சட்டம்.

இது சூடாக்கி ஒட்ட வேண்டிய இரும்பா என்று எப்படித் தெரியும்? பழைய இரும்புக்கு யார் சான்றிதழ் தருவார்?

இரும்பில் கார்பன் எவ்வளவு என்பதுதான் கேள்வி. கணக்காகச் சொன்னால், கார்பன் வீதத்தோடு மாங்கனீஸ் வீதத்தின் ஆறில் ஒன்றைக் கூட்டிப் பார்ப்பார்கள். குரோமியம், நிக்கல் இருந்தால் அவற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. சாதாரணச் சனலில் கார்பன் 0.2, மாங்கனீஸ் 0.8 என்று எடுத்தால் 0.33 வரும். அச்சுகளில் பாவிக்கும் நடுத்தரக் கார்பன் இரும்பில் கார்பன் 0.45, மாங்கனீஸ் 0.7 என்றால் 0.57. ஏறத்தாழ 0.4ஐத் தாண்டினால் சூடாக்காமல் ஒட்டுவது சூதாட்டம். தடிப்புக் கூடக் கூட இந்த எல்லை இன்னும் கீழே வரும்.

பழைய இரும்புக் கடையில் வாங்கிய துண்டுக்குப் பொறி பார்ப்பதே வழி. தெரிந்த சனல் துண்டு ஒன்றையும் தெரியாத துண்டையும் அடுத்தடுத்து, நிழலில், அதே கிறைண்டரில் பிடியுங்கள். சனலில் பொறி நீளமாக, நேராக, ஒன்றிரண்டு கிளையோடு பறக்கும். கார்பன் கூடிய இரும்பில் பொறி குட்டையாகி, நுனியில் தீபாவளி மத்தாப்பு மாதிரி வெடித்து வெடித்துப் பூக்கும். அப்புறம் அரம். கிறைண்டர் படாத இடத்தில் அரம் வழுக்கினால் அது ஏற்கனவே கடினமாக்கிய இரும்பு.

லொறி வில்லுத் தகட்டை வளையத்துக்கு எடுக்கவே வேண்டாம். அதில் கார்பன் 0.5, 0.6 அளவில் இருக்கும். சூடாக்கி ஒட்டினாலும் அதன் பழைய பதம் போய்விடும், ஒட்டாமல் விட்டால் வளையமாகாது. பலர் அது உறுதியான இரும்பு என்பதற்காகவே எடுக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்து வெயிலே இரும்பைச் சுட வைக்கிறது. பிறகு ஏன் வேறு சூடு?

மெல்லிய சனலுக்கும் பொக்ஸ் பாருக்கும் வேண்டாம் என்பது உண்மைதான். குளிர் நாட்டுப் புத்தகத்தில் எழுதியிருப்பதை அப்படியே செய்யத் தேவையில்லை. விடியற்காலையில் பனி பிடித்திருந்தால் ஈரம் போக ஒருமுறை ரோர்ச் காட்டுங்கள், அவ்வளவுதான். தடித்த வளையத்துக்கு வெயிலின் 45 பாகை எந்த மூலைக்கும் காணாது.

அப்போ எவ்வளவு சூடு, எதால் அளப்பது? எங்களிடம் சூடு பார்க்கிற மெசின் இல்லை.

25 மில்லிமீற்றர் அச்சு இரும்புக்கு 200 பாகை அளவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டில் இரண்டு வேலை நடக்கிறது. ஒட்டு மெதுவாக ஆறுவதால் பக்கத்து இரும்பு நொறுங்கும் பதத்துக்குப் போவது குறைகிறது. ஒட்டுக்குள் போன ஹைட்ரஜனுக்கு வெளியே வர நேரமும் கிடைக்கிறது. இந்த ஹைட்ரஜன் வெடிப்பு மோசமான ஒன்று, ஒட்டி முடிந்து இரண்டு நாள் கழித்தும் வரும். அதனால்தான் வளைய வேலையை அன்றைக்கே பெயின்ற் அடித்துக் கொடுக்காமல் மூன்றாம் நாள் பார்த்துவிட்டுக் கொடுக்கிறேன்.

சமையல் காஸ் ரோர்ச் போதும். ஒட்டும் இடத்தில் மட்டும் பிடிக்காமல் முழு வளையத்தையும் சுற்றிச் சுற்றிச் சூடாக்குங்கள். முதலில் சுவாலை பட்ட இடத்தில் இரும்பு வியர்த்தமாதிரி ஈரம் படியும். இரும்புக்குள்ளிருந்து தண்ணீர் வருகிறது என்று சொல்வார்கள். இல்லை, காஸ் எரிவதால் உண்டாகும் நீராவி குளிர்ந்த இரும்பில் படிகிறது. அந்த நேரத்தில் நிறுத்தினால் காயவைக்கப்போய் நனைத்ததாகிவிடும். அது மறைந்த பிறகும் விடாமல் பிடியுங்கள், பத்துப் பன்னிரண்டு நிமிடம் போகும்.

அளக்க, ரேடியோ திருத்துபவரிடம் இருக்கும் ஈயக்கம்பி ஒரு முழம் வாங்கி வையுங்கள், 60க்கு 40 என்று எழுதியிருக்கும் வகை. அது 183 முதல் 190 பாகைக்குள் உருகும். ரோர்ச்சை எடுத்து அரை நிமிடம் விட்டு, ஒட்டும் இடத்திலிருந்து மூன்று அங்குலம் தள்ளி, சுவாலை பிடிக்காத மறுபக்கத்தில் கம்பியைத் தொடுங்கள். உருகி வழுக்கினால் தொடங்கலாம். ஒட்டும் இடத்தில் தொடக்கூடாது. ஈயமும் தகரமும் ஒட்டுக்குள் போனால் அதுவே வெடிப்பு. துப்பாக்கி மாதிரிச் சூடு பார்க்கும் கருவி வைத்திருப்பவர்கள், உரசி மினுக்கிய இரும்பில் அது குறைத்துக் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள். கறுத்த இடத்தில் பிடித்துப் பாருங்கள்.

சூடான இரும்பில் அதே கரண்டில் ஓட்டினால் குழம்பு அகன்று அண்டர்கட் விழும். பத்து ஆம்ப் குறையுங்கள். முடியும்வரை இடையில் தேத்தண்ணிக்குப் போக வேண்டாம், சூடு இறங்கினால் திரும்ப ரோர்ச். முடிந்ததும் காய்ந்த உமிச் சாம்பலில் புதைத்து விடிய எடுங்கள். தண்ணீர் ஊற்றுபவரைக் கடையை விட்டே அனுப்பலாம்.

சூடாக்கி ஒட்டினால் கோணலும் குறையும் என்கிறார்களே?

பாதி உண்மை. முழுப் பாகமும் ஒரே சீராகச் சூடாக இருந்தால் ஒட்டுக்கும் மிச்ச இரும்புக்கும் உள்ள சூட்டு வித்தியாசம் குறையும், இழுவையும் குறையும். சின்ன, தடித்த வளையத்தில் அது நடக்கும். பத்தடிச் சட்டத்தை யாரால் சீராகச் சூடாக்க முடியும்? ஒரு இடத்தை மட்டும் சூடாக்கினால் சுருங்கப் போகும் பகுதியை நீங்களே அகலமாக்குகிறீர்கள், கோணல் கூடும். மூன்று மில்லிமீற்றர் தகட்டுக்குச் சூடு காட்டினால் அப்பளம்தான். சட்டத்தின் கோணலுக்கு மருந்து ஒட்டும் ஒழுங்கு.

சட்டத்தை நூல் பிடித்து நேராக வைத்துத்தான் ஒட்டினேன். முடியும்போது இரண்டு முனையும் மேலே தூக்கி வாழைப்பழம் மாதிரி நிற்கிறது. எங்கே பிழை?

நேராக வைத்ததில் பிழை இல்லை. ஒட்டு இறுகி ஆறும்போது சுருங்குகிறது, எந்தப் பக்கம் அதிகம் ஒட்டினீர்களோ அந்தப் பக்கம் குட்டையாகிறது. மேலே தகட்டை முழு நீளத்துக்கும் ஒட்டினால் மேல்பக்கம் சுருங்கி முனைகள் மேலே தூக்கும்.

இந்தக் கேள்வியைக் கேட்டவரின் சட்டம் இப்படி: 100க்கு 50 சனல் இரண்டு, ஒவ்வொன்றும் மூன்று மீற்றர் நீளம். குறுக்கே ஐந்து சனல். வெளி அகலம் ஒன்றரை மீற்றர். மேலே மூன்று மில்லிமீற்றர் தகடு. அவர் முன் மூலையில் தொடங்கி வரிசையாகக் குறுக்குச் சனல்களை மேல்பக்கம் ஒட்டி முடித்தார். பிறகு தகட்டை வைத்து இடப்பக்கம் முன்னிருந்து பின்னுக்கு ஒரே வரி, அப்புறம் வலப்பக்கம் ஒரே வரி. ஒட்டின் கால், அதாவது மூலையிலிருந்து ஒட்டு ஒரு பக்கத்தில் பிடித்திருக்கும் அகலம், ஆறு மில்லிமீற்றர். நடுவில் நூலைப் பிடித்தால் 12 மில்லிமீற்றர் இடைவெளி. மூலைவிட்டங்களில் ஒன்று மற்றதைவிட 9 மில்லிமீற்றர் கூட.

முதலில் பருமன். மூன்று மில்லிமீற்றர் தகட்டுக்கு மூன்று மில்லிமீற்றர் கால் போதும், ஆறு வைத்தாலும் தகடு அதைவிட உறுதியாகப் போவதில்லை. ஆனால் கால் இரண்டு மடங்கானால் உலோகம் நாலு மடங்கு, சுருக்கமும் கிட்டத்தட்ட அதே அளவில் கூடும். அதற்கு மேல், முழு நீளமும் ஒட்டத் தேவையில்லை. 150 மில்லிமீற்றருக்கு 50 மில்லிமீற்றர் ஒட்டினால் மூன்றில் ஒரு பங்கு. ஒழுங்கை மாற்றாமல் இந்த இரண்டை மட்டும் செய்திருந்தாலே வாழைப்பழத்தின் பெரும்பகுதி போயிருக்கும்.

பிறகு ஒழுங்கு. அடுத்த பெட்டியை அவரோடு நின்று இப்படிச் செய்தோம். சட்டத்தைத் தாங்கு குதிரைகளின் மேல் மட்டம் பார்த்து வைத்து, எல்லா மூட்டிலும் எதிர் எதிராகப் பொட்டுப் பொட்டாக மட்டும் ஒட்டினோம். மூலைவிட்டம் இரண்டும் 3354 மில்லிமீற்றர் வர வேண்டும், இரண்டு மில்லிமீற்றர் வித்தியாசத்துக்குள் தட்டிச் சரிசெய்தோம்.

முதலில் ஒட்டியது நிமிர்ந்த ஒட்டுகள். அவை சனலின் நடு உயரத்துக்கு மேலும் கீழும் சமமாக இருப்பதால் சுருங்கினாலும் சட்டத்தை மேலேயோ கீழேயோ வளைக்காது, ஆனால் சட்டத்தை இறுக்கிவிடும். அதிலும் நடுக் குறுக்குச் சனலில் தொடங்கினோம்: இடது, பிறகு வலது. அப்புறம் நடுவுக்கு முன்னால் உள்ளதில் வலது, இடது. பின்னால் உள்ளதில் இடது, வலது. முன் முனையும் பின் முனையும் கடைசி. நடுவிலிருந்து வெளியே போகும்போது சுருக்கம் திறந்த முனைகளுக்குத் தள்ளப்படும். மூலையில் தொடங்கினால் அது நடுவில் அகப்பட்டு எங்காவது முறுகும். அவருடைய 9 மில்லிமீற்றர் அந்த முன் மூலையில் தொடங்கியதால் வந்தது.

பிறகு மேல்பக்க ஒட்டுகளில் ஒன்றுவிட்டு ஒன்று. சட்டத்தைப் புரட்டி அடிப்பக்கம் முழுவதும். திரும்பப் புரட்டி மேலே மிச்சம். இரண்டு பேர் வேண்டும், முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

தகட்டுக்கும் நடுவில் தொடக்கம். நடுவில் இடப்பக்கம் 50 மில்லிமீற்றர், எதிரே வலப்பக்கம் 50, பிறகு முன்னுக்கு ஒன்று தாவி, பின்னுக்கு ஒன்று தாவி. ஒவ்வொரு துண்டையும் வேலை நகரும் திசைக்கு எதிராக ஓட்டினோம்: வேலை முன்னுக்குப் போனாலும் ஒவ்வொரு 50 மில்லிமீற்றரும் முன்னிருந்து பின்னுக்கு. முன்னே விரியும் சூட்டைப் பின்னே ஏற்கனவே ஆறிய துண்டு பிடித்து வைத்திருக்கும், தகடு வாய் பிளக்காது. கை வைக்கக்கூடிய சூடு வரும்வரை அதே இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை.

நூல் பிடித்தபோது நடுவில் 3 மில்லிமீற்றர். மூலைவிட்ட வித்தியாசம் 2. கூடச் செலவானது அரை நாள்.

இதெல்லாம் எதற்கு, பெரிய ஐ பீமில் இறுக்கிக் கட்டி வைத்து ஒட்டினால் வளையாதுதானே?

கட்டியிருக்கும்வரை வளையாது. அவிழ்த்ததும் ஒரு பகுதி திரும்பி வளையும், மிச்சம் உள்ளே இழுவையாகத் தங்கிவிடும். மெல்லிய சனலில் அது தாங்கும், நானும் கிளாம்ப் போடுகிறேன், முழுக்க ஆறும்வரை கழற்றுவதில்லை. ஆனால் தடித்த வளையத்தை அசைய விடாமல் கட்டிக் குளிரில் ஒட்டினால், சுருங்க இடமில்லாத ஒட்டு கிழியத்தான் பார்க்கும். கட்டுவதென்றால் சூடாக்குவதும் கட்டாயம்.

ஏற்கனவே வளைந்துபோன சட்டத்தை வெட்டாமல் நேராக்கலாமா?

12 மில்லிமீற்றர் அளவு என்றால் ஆகும். வளைத்த அதே சுருக்கத்தை எதிர்ப்பக்கத்தில் உண்டாக்க வேண்டும். முனைகள் மேலே தூக்கியிருக்கிறது என்றால் நீண்டு நிற்பது அடிப்பக்கம். சனலின் அடி ஓரத்தை அகல வாயாகவும் நடு உயரத்தைக் கூராகவும் வைத்து ஒரு முக்கோணம் கீறி, கூரிலிருந்து வாய்க்கு ரோர்ச்சை நகர்த்துங்கள். இங்கே சமையல் காஸ் மட்டும் போதாது, ஒட்சிசன் சேர்ந்த ரோர்ச் வேண்டும்.

நிழலில் பார்க்க மங்கிய சிவப்புத் தெரிந்தால் போதும், 600 முதல் 650 பாகை. செம்மஞ்சளாகும்வரை விட்டால் இரும்பு கெடும். இரண்டு சனலுக்கும் ஒரே இடத்தில், ஒன்றின்பின் ஒன்றாகச் செய்யுங்கள், இல்லையென்றால் சட்டம் முறுகும். சூடாக இருக்கும்போது நூலைப் பிடித்தால் வளைவு கூடினமாதிரித் தெரியும், அவசரப்பட்டு அடுத்ததைச் சூடாக்கிவிடாதீர்கள். முழுக்க ஆறட்டும், அளவெடுங்கள், பிறகு அடுத்த முக்கோணம். கேட்டவரின் பழைய சட்டத்தில் ஒவ்வொரு சனலுக்கும் மூன்று முக்கோணம் போட்டோம். 12 இருந்தது 4க்கு வந்தது, அதோடு நிறுத்திவிட்டோம். தகடு ஏற்கனவே கொஞ்சம் அலை பாய்ந்திருந்தது, நாலாவது போட்டிருந்தால் அதைத் தட்டி எடுக்க இன்னொரு நாள் போயிருக்கும்.